நாணயம் மறையும் வேளையில் என்ன பேசுவது?

இடக்கைக்கு மாற்றுவதுபோல் காட்டி நாணயத்தை வலக்கையிலேயே நிறுத்திக்கொள்ளும் வித்தை உங்களுக்குப் பழகியிருக்கும் என்று கொள்கிறேன். கோயில் கொடை மேடைகளில் என்னைத் தடுமாற வைத்தது கையன்று, பேச்சுதான்.

முதலில் நோட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் கை செய்வதையும் வலப்பக்கம் வாய் பேசுவதையும் பென்சிலால் எழுதுங்கள். கைப்பேசியில் எழுதினால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடிவதில்லை. நாணயத்தைப் பார்வையாளரிடமே கடன் வாங்கிவிட்டால், "இது சாதாரணக் காசுதான்" என்ற சந்தேகம் கிளப்பும் வரி தேவைப்படாது. அவர் படியேறி வர ஏழெட்டு வினாடி ஆகும். அந்த மௌனத்துக்கு ஊர்ப் பெயரை வைத்து ஒரு வரி போதும்.

அடுத்ததுதான் நான் சறுக்கிய இடம். சிரிப்பு மறைத்துவிடும் என்று எண்ணி, நகைச்சுவையைச் சொன்ன கையோடு நாணயத்தை மாற்றிவந்தேன். ஒலிபெருக்கியின் எதிரொலியில் சிரிப்பு ஒரு வினாடி தாமதமாக வந்ததால், எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மாற்றம் நடந்தது. இப்போது மாற்றத்தை ஒரு கேள்வியின்மேல் வைக்கிறேன்: "அண்ணாச்சி, வீட்டுக்கு அல்வா வாங்குனா கால் கிலோவா, அரைக் கிலோவா?" கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்கிறேன், வித்தைக்காரன் பார்க்கும் இடத்தையே கூட்டமும் பார்க்கும் என்பதால் அத்தனை கண்களும் அவர்மேல் திரும்புகின்றன, கை அந்நேரம் வேலையை முடித்துவிடுகிறது. "ஆமாம்", "இல்லை" என்று முடிந்துவிடும் கேள்வி இதற்கு உதவாது. அவர் சற்று யோசிக்க வேண்டும்.

"அரைக் கிலோ" என்பார். "அரைக் கிலோ வாங்குற ஆளு பத்து ரூவாதான் குடுத்திருக்காரு!" அவர் எதைச் சொன்னாலும் இவ்வரி பொருந்தும். கூட்டம் சிரித்துத் தளரும் அந்த வேளையில், மந்திரக்கோலை எடுக்கும் சாக்கில் வலக்கை பைக்குள் போய் நாணயத்தை விட்டுவிட்டு வருகிறது. சிரிப்பு எழாவிட்டால் காத்து நிற்காமல், மூடிய இடக்கையை நீங்களே உற்றுப் பார்த்து, "கனமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கோலை எடுங்கள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, "அண்ணாச்சிக்கே அல்வா குடுத்தாச்சு" என்று முடிக்கலாம்.

கையில் பிடிக்கும் மைக் இந்த வித்தைக்கு ஆகாது. சட்டையில் குத்தும் மைக்கையே கேட்டு வாங்குங்கள். ஒத்திகையை ஒளிப்பதிவு செய்தால் உங்கள் கையை எடுக்காமல், எதிரே அமர்ந்திருப்பவரின் கண்களை எடுங்கள். கேள்வியின்போது அவை உங்கள் கையிலேயே நின்றால், நீங்கள் ஓரக்கண்ணால் கையைப் பார்த்திருக்கிறீர்கள்.

பின்சேர்க்கை: இதன்படி செய்த ஒருவர், பள்ளி விழாவில் பிள்ளைகள் "அந்தக் கையில இருக்கு" என்று கத்திவிட்டதாக எழுதியிருந்தார். அவருடைய வசனத்தை வாங்கிப் பார்த்தால், "வலது கையில ஒண்ணுமில்ல, பாத்துக்கோங்க" என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிடச் சொன்னேன். வலக்கை என்று ஒன்று இருப்பதையே பேச்சு நினைவூட்டக் கூடாது.