மிக்ஸி ரிவ்யூ வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

பெட்டியைப் பிரித்த கையோடு "சூப்பர், தாராளமா வாங்கலாம்" என்று முடித்துவிடும் வீடியோக்கள் நிறைய. பெட்டியைப் பிரித்தால் நிறமும் வடிவமும்தான் தெரியும். மிக்ஸி எப்படி அரைக்கிறது என்பது சட்னியை வழித்தெடுக்கும்போதுதான் தெரியும். ஆகவே ஸ்கிரிப்டை இரண்டு தவணையாக எழுதுங்கள்: அன்பாக்ஸிங் பகுதியை முதலிலும், நிறை, குறை, தீர்ப்பு மூன்றையும் பொருளைப் புழங்கிய பிறகும். மூன்று ஜார் உள்ள 750 வாட் மிக்ஸியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

படி 1: யார் காசு என்பதைச் சொல்லுங்கள்

தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் காட்சியையும் வலப்பக்கம் பேச்சையும் எழுதுங்கள். பேச்சின் முதல் வரிகளில் இது வரட்டும்:

"இந்த மிக்ஸிய நானே காசு கொடுத்து வாங்கினேன். பில் இதோ."

நிறுவனம் இலவசமாக அனுப்பியிருந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இலவசப் பொருளும் ஆதாயம்தான். அதை டிஸ்கிரிப்ஷனில் மட்டும் எழுதினால் போதாது. வீடியோவில் எழுத்தாகவும் குரலாகவும் வர வேண்டும்.

படி 2: அன்பாக்ஸிங்

இதைச் சுருக்கமாக வையுங்கள். தெர்மாகோலை உருவுவதை யாரும் ரசிப்பதில்லை. மிக்ஸியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் குளோசப்பில் காட்டுங்கள்:

"750 வாட். எவ்வளவு நேரம் ஓட்டலாம், எவ்வளவு நேரம் நிறுத்தணும்னு இந்த லேபிள்ல போட்டிருக்கு, பாருங்க. இந்தச் சிவப்பு பட்டன் ஓவர்லோட் சுவிட்ச். சுமை தாங்காம மிக்ஸி நின்னுபோனா, கொஞ்சம் ஆறவிட்டு இத அழுத்தணும்."

அடுத்து வாரண்டி அட்டை. மோட்டாருக்கு ஒரு காலமும் மற்ற பாகங்களுக்கு வேறொரு காலமும் இருப்பது வழக்கம். இரண்டையும் படித்துச் சொல்லுங்கள்.

படி 3: சோதனை

வீடியோவின் உயிர் இதுதான். முதல் ஓட்டத்தில் லேசான வாடை வரலாம். மோட்டார் காயிலின் வார்னிஷ் சூடாவதால் வருவது அது. இரண்டொரு முறை ஓட்டினால் போய்விடும். அதை உடனே குறையாக எழுதிவிடாதீர்கள். வாடை போகாமல் நீடித்தாலோ புகை வந்தாலோ அது பழுது.

பிறகு மூன்று வேலை கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் தேவையான அளவு தேங்காய்ச் சட்னியைச் சின்ன ஜாரில் அரையுங்கள். பிளேடுக்கும் ஜாரின் அடிக்கும் இடைவெளி கூடுதலாக இருந்தால், தேங்காய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பிளேடு சும்மா சுற்றும். மூடியைத் திறந்து அந்த ஓரத்தைக் காட்டுங்கள். அடுத்து வறுத்த மல்லி, மிளகாயைப் பொடித்துச் சலித்து, சல்லடையில் தங்கிய கப்பியைக் காட்டுங்கள். கடைசியாக ஊறவைத்த உளுந்து. அரைத்ததும் மாவைத் தொட்டு எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று சொல்லுங்கள். வீட்டிலுள்ள பழைய மிக்ஸியிலும் இதே அளவை அரைத்துக் காட்டினால்தான் பார்ப்பவருக்கு ஒரு கணக்கு கிடைக்கும்.

ஜாரில் எவ்வளவு போட்டீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கழுத்துவரை திணித்து மிக்ஸி நின்றுபோனால், அதை மிக்ஸியின் குறையாகச் சொல்வது நியாயமில்லை.

சத்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. போன் கேமரா ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைத்துவிடும். எந்த மிக்ஸியும் ஒரே மாதிரி கேட்கும். அதனால் அடுத்த அறையில் ஒருவரைச் சாதாரணமாகப் பேசச் சொல்லி, மிக்ஸி ஓடும்போது அவர் பேச்சு உங்களுக்குப் புரிகிறதா என்று வாயால் சொல்லுங்கள்.

படி 4: நிறை, குறை

ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இடப்பக்கத்தில், அதை நிரூபிக்கும் காட்சி இருக்கிறதா பாருங்கள். காட்சி இல்லாத வரியை அடித்துவிடுங்கள். "பெர்ஃபார்மன்ஸ் அருமை" என்பது அப்போதே போய்விடும். மிஞ்சுவது இப்படி இருக்கும்:

"நிறை: மல்லிப்பொடி ஒரே ஓட்டத்துல நைசா வந்துச்சு, சல்லடையில ஒரு ஸ்பூன் கப்பிதான் நின்னுச்சு. குறை: ஒரு ஆளுக்கான சட்னிய ரெண்டு தடவ நிறுத்தி வழிச்சுவிட வேண்டியிருந்துச்சு."

நிறை மூன்று என்றால் குறையும் மூன்று என்று சமன் செய்யத் தேவையில்லை. குறை ஒன்றுதான் என்றால் ஒன்றைச் சொல்லுங்கள்.

படி 5: தீர்ப்பு

பத்துக்கு எட்டு என்று மார்க் போடுவதைவிட, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதே பார்ப்பவருக்கு உதவும். சோதிக்காததையும் இங்கே சொல்லிவிடுங்கள். ஜாரின் அடியில் பிளேடின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து கசிவதும், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் உடைவதும் மாதக்கணக்கில் புழங்கினால்தான் தெரியும்.

"நாலஞ்சு பேர் இருக்கிற வீட்டுக்கு, பொடி அதிகமா அரைக்கிறவங்களுக்கு இத வாங்கலாம். தனியா சமைக்கிறவங்களுக்கு வேண்டாம், சின்ன ஜார் கைகொடுக்கல. கசிவு, கப்ளர் பத்தி இப்ப என்னால சொல்ல முடியாது. ஆறு மாசம் கழிச்சு இதே மிக்ஸிய வச்சு இன்னொரு வீடியோ போடறேன்."

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடமெல்லாம் எழுத்துநடை புகுந்த இடம். அங்கே வீட்டில் பேசுவது போல மாற்றிவிட்டு கேமராவை ஆன் செய்யுங்கள்.