தன்னார்வலர்கள் சேர்ந்து எடுத்த அனிமேஷன் படத்துக்கு முடிவுப் பெயர்ப்பட்டியல் போடுவது எப்படி?

பட்டியலைக் கடைசி வாரத்தில் நினைவிலிருந்து எழுதினால் முதலில் விடுபடுவது, தொடக்கத்தில் உழைத்துவிட்டு நடுவில் விலகியவர்களின் பெயர்தான். அதனால் முதல் நாளே ஒரு விரிதாள் திறந்து, வேலை வந்து சேரும்போதே ஆளைப் பதிவு செய்துவிடுங்கள். அதில் முன்னெழுத்து, பெயர், துறை, செய்த வேலை என நான்கு பத்தி போதும். பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவரவரிடமே கேட்டு வாங்குங்கள்.

துறைகளைப் படம் உருவான வரிசையிலேயே அடுக்கலாம்: கதை, காட்சிப்பலகை, வடிவமைப்பு, அசைவூட்டம், குரல், ஒலி, படத்தொகுப்பு. துறைக்குள் அகர வரிசைதான் நியாயம். 'அதிகம் உழைத்தவர் மேலே' என்று போனால், ஒரே ஷாட்டில் இரண்டு மாதம் போராடியவரை எங்கே வைப்பது? துறையை முன்நின்று நடத்தியவருக்கு மட்டும் தனி வரி கொடுங்கள்.

பலரும் சறுக்குவது இந்த அகர வரிசையில்தான். கணினி வெறும் யூனிகோடு எண்ணைப் பார்த்து அடுக்கினால் 'கனகா' முன்னால் வரும், 'கமலா' பின்னால் போகும். காரணம், யூனிகோட்டில் ன என்பது ந-வுக்கு அடுத்தே இருக்கிறது. தமிழ் நெடுங்கணக்கிலோ ன கடைசி மெய். கமலாதான் முதலில் வர வேண்டும். லிப்ரே ஆபிஸ் கால்க்கில் வரிசைப்படுத்தும்போது மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்துவிட்டு, இந்த இரண்டு பெயரையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். முன்னெழுத்தைத் தனிப் பத்தியில் வைக்கச் சொன்னதும் இதற்காகவே. இல்லாவிட்டால் 'வ. கமலா' வகர வரிசைக்குப் போய்விடுவார்.

வேலை செய்தவரை 'நன்றி' பகுதியில் போடாதீர்கள். அது வீடு, கணினி, சாப்பாடு, பணம் தந்து உதவியவர்களுக்கான இடம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எடுத்த இசைக்கு இன்னொரு தனிப் பகுதி வேண்டும். தலைப்பு, படைத்தவர், மூலம், உரிமம் நான்கையும் அங்கே எழுதுங்கள். படைத்தவரைக் குறிப்பிடுவது உரிம நிபந்தனை.

எழுத்து அமைக்க இங்க்ஸ்கேப்பையே பரிந்துரைப்பேன். எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாத மென்பொருளில் 'செல்வி'யின் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் விழும். இங்க்ஸ்கேப்பில் அமைத்து, ஒரே நீளமான பிஎன்ஜி படமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் மேலேறும் வேகம் ஒரு ஃபிரேமுக்கு முழு எண் பிக்சலாக இருக்கட்டும். 2.5 என்று வைத்தால் எழுத்து நடுங்கும். 60 வரி, வரிக்கு 54 பிக்சல் என்றால் மொத்தம் 3240. திரை உயரம் 1080-ஐயும் சேர்த்தால் 4320. ஃபிரேமுக்கு 3 பிக்சல் வீதம் 1440 ஃபிரேம், அதாவது விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் சரியாக 60 விநாடி. ஒவ்வொரு பெயரும் 15 விநாடி திரையில் நிற்கும். பாட்டு 70 விநாடி ஓடினால் வேகத்தைத் தொடாதீர்கள். துறைகளுக்கிடையே மொத்தம் 720 பிக்சல் இடைவெளி கூட்டுங்கள்.

பிற்சேர்க்கை: 'என் ஷாட்டை வெட்டிவிட்டார்கள், பெயர் வருமா?' என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வர வேண்டும், அதே துறையில், அதே அகர வரிசையில். வெட்டியது தொகுப்பின் முடிவு; அவர் செய்து கொடுத்த வேலை செய்ததுதான். ரெண்டர் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே பட்டியலை எல்லோருக்கும் அனுப்பி, ஒவ்வொருவரும் தன் வரியைப் பார்த்து 'சரி' என்று பதில் எழுதும்படி கேளுங்கள்.