20 சதவீதமா, 25 சதவீதமா? ஆண்டறிக்கை எண்களைச் சரிபார்க்கும் முறை

டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டறிக்கையைத் திருத்தித் தரச் சொன்னார்கள். தலைவர் உரையில் நன்கொடை 20% கூடியது. ஏழாம் பக்கத்தில் அதே நன்கொடை 25% கூடியது. பதிவுபெற்ற தொண்டு அமைப்புகள் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் செயல்பாட்டு அறிக்கையையும் கணக்கையும் அரசுக்குச் சேர்த்தே தர வேண்டும் என்கிறது தென்னாப்பிரிக்கச் சட்டம். அறிக்கையும் கணக்கும் அருகருகே இருக்கும்போது முரண்பாடு தெரியாமல் போகுமா?

முதலில், அறிக்கையை அச்சிட்டு எண்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். கதையாக வாசித்தால் கண் எண்களைத் தாண்டிப் போய்விடும். "இரட்டிப்பானது", "பாதியாகக் குறைந்தது" போன்ற சொற்களும் எண்கள்தான், அவற்றையும் விடாதீர்கள்.

அடுத்து, ஒவ்வொன்றையும் தணிக்கை செய்த கணக்கோடு ஒப்பிட்டு நீங்களே கணக்குப் போடுங்கள். எங்கள் கணக்கில் முந்தைய ஆண்டு 384 000 ரேண்ட், இந்த ஆண்டு 480 000. வித்தியாசம் 96 000. இதைப் பழைய தொகையால் வகுத்தால் 25%. யாரோ புதிய தொகையால் வகுத்ததில் வந்ததுதான் அந்த 20%. புதுத் தொகை B2-விலும் பழையது C2-விலும் இருந்தால்:

```
=(B2-C2)/C2
```

பழைய தொகையைப் போன வருட அறிக்கையிலும் ஒருமுறை பாருங்கள். அங்கே வேறு எண் இருந்தால் கணக்கைப் பின்னால் திருத்தியிருக்கலாம். பொருளாளரிடம் காரணம் கேட்டு அடிக்குறிப்பாகப் போடுங்கள்.

அப்புறம் 'லாஸ்ட் இயர்' என்ற சொல். என்னை அதிகம் படுத்துவது இதுதான். இந்தச் சங்கத்தின் நிதியாண்டு பிப்ரவரியோடு முடிகிறது. ஆகஸ்ட் 2025-இல் படிப்பவருக்கு அது 2024 காலண்டர் ஆண்டா, இப்போது முடிந்த நிதியாண்டா, அதற்கு முந்தையதா? முதல் முறை வரும் இடத்தில் "2025 பிப்ரவரி 28-இல் முடிந்த ஆண்டு" என்றும், ஒப்பிடுவதை "2024 பிப்ரவரி 29-இல் முடிந்த ஆண்டு" என்றும் எழுதிவிடுங்கள். பிறகு "2025 நிதியாண்டு" என்று சுருக்கலாம்.

கடைசியாக, ஒப்பிடும் இரண்டும் ஒரே பொருள்தானா? "தமிழ் வகுப்பு மாணவர்கள் 120-லிருந்து 132 ஆனார்கள்" என்று இருந்தது. விசாரித்தால், 120 பேர் முந்தைய ஆண்டு முடிவில் வகுப்பில் இருந்தவர்கள். 132 பேர் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் பெயர் கொடுத்தவர்கள். எண் இரண்டும் சரி, வளர்ச்சிதான் பொய். இந்த ஆண்டு முடிவு வருகையை வாங்கிப் பார்த்தோம்: 118. வாக்கியத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, ஓர் எண்ணைத் திருத்தியதும் பழைய எண்ணைக் கோப்பு முழுக்கத் தேடுங்கள். வரைபடங்களைப் படமாக ஒட்டியிருந்தால் தேடலில் சிக்காது. எங்கள் 20% பின்னட்டை வரைபடத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.