ஒரே செய்தி, மூன்று பேச்சு: எங்கே கோட்டை விடுகிறோம்

நான் கம்பெனிகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கிறவன். சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியில், ஒரு யூனிட்டை மூடும் செய்தியை முதலீட்டாளருக்கும் ஊழியருக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தேன். முதலீட்டாளரிடம் போனில் கூட்டாகப் பேசும் இன்வெஸ்டர் காலுக்கான பேச்சில் தெளிவாகத் தேதி போட்டேன். ஊழியர் பேச்சில், ஏன் பயமுறுத்த வேண்டும் என்று, "வரும் மாதங்களில்" என்று மழுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து நடந்த ஊழியர் கூட்டத்தில் ஒரு சூப்பர்வைசர் எழுந்து செல்போனை உயர்த்திக் காட்டினார். "சார், இன்வெஸ்டர் கால் ரெக்கார்டிங்கை நானும் கேட்டேன். அவங்களுக்குத் தேதி, எங்களுக்கு மட்டும் வரும் மாதங்களா?" அவரிடம் கம்பெனி ஷேர் கொஞ்சம் இருந்தது, அதனால் வெப்சைட்டில் கிடந்ததைக் கேட்டிருக்கிறார். எம்.டி.யிடம் பதில் இல்லை. தப்பு அவருடையது இல்லை, என்னுடையது.

முதலீட்டாளர், ஊழியர், வாடிக்கையாளர் என்று மூன்று பேருக்கு மூன்று விதமாகப் பேசுகிறோம் என்றதும், ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தெரியாது என்று நம்மை அறியாமலே நினைத்துக்கொள்கிறோம். பங்குச் சந்தையில் இருக்கும் லிஸ்டட் கம்பெனி என்றால் அப்படித் தெரியாமல் இருப்பது கனவிலும் நடக்காது. காலாண்டு முடிவுகளுக்குப் பிறகு நடக்கும் அனலிஸ்ட் காலின் ஒலிப்பதிவை அடுத்த வர்த்தக நாளுக்கு முன்போ 24 மணி நேரத்துக்குள்ளோ, எது முந்தியதோ அதற்குள் வெளியிட வேண்டும், எழுத்து வடிவத்தை ஐந்து வேலை நாளுக்குள் போட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. ஊழியர் கூட்டத்தில் பேசுவது வாட்ஸ்அப்பில் போகும். டீலரிடம் சொல்வது ஊருக்கே தெரியும்.

இதற்குப் பெரிய உதாரணம் ஜெரால்டு ராட்னர். பிரிட்டனில் மலிவு விலை நகைக்கடைச் சங்கிலி நடத்தியவர். 1991 ஏப்ரல் 23 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தொழிலதிபர்கள் கூட்டத்தில் பேசும்போது, தன் கடையில் 4.95 பவுண்டுக்கு விற்கும் ஒயின் குடுவை செட்டை எப்படி இவ்வளவு மலிவாகத் தர முடிகிறது என்று கேட்கிறார்கள், அது சுத்தக் குப்பை என்பதால்தான் என்று வேடிக்கையாகச் சொன்னார். அரங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் பத்திரிகையில் படித்த வாடிக்கையாளர்கள் சிரிக்கவில்லை. கம்பெனியின் பங்கு மதிப்பு சுமார் 50 கோடி பவுண்டு கரைந்தது, அடுத்த ஆண்டு அவரே வெளியேற வேண்டியதாயிற்று, 1993இல் கம்பெனி தன் பெயரையே மாற்றிக்கொண்டது.

சரி, ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு லிஸ்டட் கம்பெனி. நகருக்குள் இருக்கும் பழைய யூனிட்டை ஜூன் 30இல் மூடி, வேலையை 35 கிலோமீட்டர் தள்ளியுள்ள புது யூனிட்டுக்கு மாற்றுகிறது. பழைய யூனிட்டில் 220 பேர். 180 பேருக்குப் புது இடத்தில் வேலை உண்டு, 40 பணியிடங்கள் இருக்காது. ஒருமுறைச் செலவு 7 கோடி, அப்புறம் ஆண்டுக்கு 12 கோடி மிச்சம். மாற்றம் நடக்கும் போது இரண்டு வாரம் டெலிவரி தாமதமாகலாம். ஒரு பழைய மோனோபிளாக் பம்ப் மாடலின் உற்பத்தி நிற்கிறது, அதற்கு ஸ்பேர் ஐந்து வருடம் கிடைக்கும்.

முதல் தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. போர்டு மீட்டிங்குக்குத் தயாரான ஸ்லைடுகளை எடுத்து, அதில் முதலீட்டாளர் பேச்சை எழுதி, அதையே வெட்டி ஒட்டி ஊழியர் பேச்சும் வாடிக்கையாளர் பேச்சும் ஆக்குகிறோம். அதனால்தான் ஷாப் ஃப்ளோரில் நின்று "நம் செயல்திறன் மேம்படும்" என்று யாரோ பேசுகிறார்கள், எதிரில் நிற்பவர் மனசில் ஓடுவதோ "என் பேர் அந்த நாற்பதில் இருக்கா?" என்ற ஒரே கேள்வி. பேச்சை எழுதுவதற்கு முன்னால், மேலே நான் சொன்ன மாதிரி உண்மைகளை மட்டும் ஏழெட்டு வரியில் ஒரு தாளில் போடுங்கள். அடைமொழியே வேண்டாம். மூன்று பேச்சும் அந்தத் தாளிலிருந்துதான் பிறக்க வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்று இல்லை. தேதி, எண்ணிக்கை, எது நிற்கிறது, எது தொடர்கிறது, இந்த நான்கும் எந்தப் பேச்சிலும் மாறக் கூடாது. மாறுவது வரிசையும், எதை எவ்வளவு விரிக்கிறோம் என்பதும்தான்.

வரிசையைத்தான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். முதலீட்டாளர் கேட்பது, 12 கோடி எந்தக் காலாண்டிலிருந்து தெரியும், 7 கோடி எப்போது கணக்கில் ஏறும், எது சறுக்கலாம் என்று. ஊழியர் கேட்பது வேலை, இடம், தேதி, சம்பளம், பஸ். இதில் பஸ் சின்ன விஷயமாகத் தெரியும். 35 கிலோமீட்டர் போய் வர வேண்டிய ஆளுக்கு, இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து இரவு 11 மணிக்கு எப்படி வீடு திரும்புவது என்பது சம்பளத்துக்கு அடுத்த கேள்வி, சில பேருக்கு முதல் கேள்வி. ஆனால் பேச்சில் முதல் மூன்று நிமிஷம் கம்பெனியின் வரலாறு, நிறுவனரின் கனவு, மார்க்கெட் நிலவரம் என்று போகும்.

2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட்டில் சாதனப் பிரிவுத் தலைவராக இருந்த ஸ்டீபன் எலாப் ஊழியர்களுக்கு அனுப்பிய கடிதம் இதே வகை. "ஹலோ தேர்" என்று ஆரம்பித்து போன் வியாபாரத்தின் திட்டங்களைப் பத்தி பத்தியாக விளக்கிவிட்டு, நடுவில் ஓரிடத்தில் 12,500 வேலைகள் குறையும் என்று வரும். எழுத்தில் என்றால் கண் தாவிப் போய் அந்த எண்ணைப் பிடித்துவிடும். பேச்சில் கேட்கிறவன் தாவ முடியாது, நீங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பில் அவன் மீதி எதையும் கேட்கமாட்டான்.

அதனால் ஊழியர் பேச்சு இப்படித் தொடங்கலாம்: "ஜூன் 30ஆம் தேதியோட இந்த யூனிட்டை மூடுறோம். இங்க 220 பேர் இருக்கோம். 180 பேருக்குப் புது யூனிட்ல வேலை இருக்கு. 40 பேருக்கு இல்லை. யார் யார்னு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஒவ்வொருத்தரையும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடுவோம்." ஐந்தே வாக்கியம், அப்புறம் காரணம். இங்கே பேச்சுத் தமிழில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "மூடப்படும்", "மாற்றப்படுவார்கள்" என்று எழுதிக் கொடுத்தால் எம்.டி. அதை அப்படியே வாசிப்பார், தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும். அதைவிட மோசம், யார் மூடுகிறார்கள் என்பதே காணாமல் போய்விடும். கூடவே, கோவைப் பக்கம் ஃபவுண்டரி, மெஷின் ஷாப் எதிலும் ஒடிசா, பீகார் ஆட்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்திப் பேச்சு தனியாக, அதே நேரத்தில் வேண்டும். பக்கத்தில் நிற்பவர் காதோடு மொழிபெயர்த்துச் சொல்லட்டும் என்று விட்டால், 40 என்பது எத்தனையாக அவர் காதில் விழும் என்று சொல்ல முடியாது.

அடுத்த தவறு நல்ல மனசினால் வருவது. "நம்ம ஆட்களுக்கு முதலில் சொல்லிடுவோம், அவங்க பேப்பர்ல பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது" என்று எச்.ஆர். சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் பங்கு விலையை அசைக்கக்கூடிய, இன்னும் வெளியாகாத செய்தியை 220 பேரிடம் முன்கூட்டிச் சொன்னால் அது உள்தகவல் கசிவு, விதிமீறல். போர்டு மீட்டிங்கில் எடுத்த முடிவை, மீட்டிங் முடிந்த 30 நிமிடத்துக்குள் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்க வேண்டும். மீட்டிங் மார்க்கெட் நேரத்துக்குப் பிறகு முடிந்தால் 3 மணி நேரம் கிடைக்கும். அதனால் மார்க்கெட் மூடும் 3.30க்குப் பிறகு முடிகிற மாதிரி மீட்டிங்கை வைத்து, எக்ஸ்சேஞ்சில் அறிவிப்பு ஏறியதும் அடுத்த சில நிமிடத்தில் ஷிஃப்ட் மாறும் இடத்தில் ஆட்களைக் கூட்டுங்கள், இரண்டு ஷிஃப்ட்டும் ஒரே நேரத்தில் கேட்கும். முதலீட்டாளர் கால் மறுநாள் காலையில் இருக்கட்டும். என் பழைய சொதப்பலில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது: கால் முதலில், ஊழியர் கூட்டம் இரண்டு நாள் கழித்து.

முதலீட்டாளர் காலில் பேச்சு பெரும்பாலும் ஒழுங்காகத்தான் போகும், சறுக்குவது கேள்வி நேரத்தில். "அந்த 40 வெறும் ஆரம்பமா?" என்று ஒரு அனலிஸ்ட் கேட்பார். எம்.டி. உற்சாகத்தில் "இன்னும் குறைக்க இடமிருக்கு" என்று சொல்லிவிடுவார். அந்த ஒற்றை வரி மதியத்துக்குள் ஷாப் ஃப்ளோருக்கு வந்துவிடும், 180 பேரும் ரெஸ்யூமே எழுத ஆரம்பிப்பார்கள், முதலில் கிளம்புவது நல்ல வைண்டிங் ஆட்கள். ஒரே கேள்விப் பட்டியலை மூன்று கூட்டத்துக்கும் எடுத்துப் போங்கள். மேலும் ஆள் குறைப்பு உண்டா என்ற கேள்விக்கு மூன்று இடத்திலும் ஒரே பதில்தான் இருக்க வேண்டும். முடிவு எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை என்றே சொல்லுங்கள். ஊழியரிடம் மட்டும் "இனிமே யாரையும் தொட மாட்டோம்" என்று ஆறுதலுக்குச் சொல்லாதீர்கள்.

எண்களை வாயால் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் அறிவிப்பில் 11.86 கோடி என்று இருந்தால், காலில் "கிட்டத்தட்ட 12 கோடி" என்று சொல்வதில் தப்பில்லை, ஒருமுறை சரியான எண்ணையும் சொல்லிவிட்டால் போதும். ஊழியர் கூட்டத்தில் அந்த மிச்சத்தை மறைக்க வேண்டாம், எப்படியும் தெரிந்துவிடும். ஆனால் பெருமையாகவும் சொல்ல வேண்டாம். வேலை போகிறவர் முன்னால் அது எப்படிக் கேட்கும் என்று ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

வாடிக்கையாளர் பேச்சைத்தான் கடைசி நேரத்தில், ஏனோதானோ என்று எழுதுகிறோம். பெரும்பாலும் அது புது யூனிட்டின் விளம்பரமாக ஆகிவிடும்: நவீன இயந்திரங்கள், பெரிய இடம். டீலருக்கு அது எதற்கு? அவர் கடைக்கு ஒரு விவசாயி வந்து, கிணற்றில் மோட்டார் நின்றுவிட்டது, இந்த மாடலை நிறுத்திட்டாங்களாமே என்று கேட்பார். அப்போது டீலர் வாயில் வர வேண்டிய வாக்கியத்தைத்தான் நாம் எழுத வேண்டும்: "மாடல் நிக்குது, ஸ்பேர் அஞ்சு வருஷம் கிடைக்கும், வாரன்டி அப்படியே இருக்கு." அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்கிற அளவுக்குச் சின்னதாக இருந்தால்தான் அது வாடிக்கையாளரைப் போய்ச் சேரும். அதோடு தாமதத்தையும் சேருங்கள்: "ஜூலை முதல் ரெண்டு வாரம் லோடு லேட்டாகலாம், வேணுங்கறதை ஜூன் 15க்குள்ள புக் பண்ணிடுங்க." தாமதத்தை முதலீட்டாளரிடம் மட்டும் ரிஸ்க் என்று சொல்லிவிட்டு டீலரிடம் மறைத்தால், ஜூலையில் அவர் அடுத்த கம்பெனி பம்பை அலமாரியில் அடுக்கியிருப்பார்.

அந்த ஸ்பேர் வரியை ஊழியர் பேச்சிலும் சேர்த்துவிடுங்கள். சர்வீஸ் மெக்கானிக்கிடமும் டெஸ்பாட்ச் ஆளிடமும்தான் வாடிக்கையாளர்கள் போன் போட்டுக் கேட்பார்கள், அவருக்கே தெரியவில்லை என்றால் "தெரியலைங்க, எங்க நிலைமையே தெரியலை" என்றுதான் பதில் வரும்.