ஒரு வரிகூட இல்லாமல் வந்த பழைய குடும்பப் படம்

மங்கிய கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் வந்தது. சரிசெய்ய வேண்டுமா, காலம் கண்டுபிடிக்க வேண்டுமா, கீழே எழுத வாசகம் வேண்டுமா என்று தெரியவில்லை. மூன்றுக்கும் முதல் வேலை படத்தைத் தெளிவாக்குவதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்கினேன்.

கைபேசியில் எடுத்த நகல் போதாது. அச்சுப்படத்தையே 600 dpi-யில், 16 பிட்டில், வண்ணத்தில் ஸ்கேன் செய்து அனுப்பக் கேட்டேன். கறுப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் எடுத்தால் மஞ்சள் கறையும் உருவமும் ஒன்றாகக் கலந்துவிடும். வண்ண ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களாகப் பதிவாகும்; அதில் சிவப்புச் சேனலைத் தனியே பார்த்தால் மஞ்சள் கறை பெரும்பாலும் மறைந்துவிடும். உருவமே பழுப்பாகி வெளிறியிருந்தால் நீலச் சேனலில்தான் அது அழுத்தமாகத் தெரியும். இந்தப் படம் இரண்டாம் வகை. நீலத்தை எடுத்து, படத் திருத்தச் செயலியின் லெவல்ஸ் கருவியில் கறுப்பு, வெள்ளை முனைகளை ஒளியளவு வரைபடம் தொடங்கும், முடியும் இடங்கள்வரை நகர்த்தினேன். முகங்களைத் தீட்டவில்லை, தீட்டினால் சாயல் மாறிவிடும்.

அதுவரை வெறும் கறுப்பாக இருந்த உடைகளில் காலரும் கைநீளமும் தெரிந்தன. முதியவர்கள் பெரும்பாலும் தம் இளமைக்கால உடையையே தொடர்ந்து அணிவார்கள்; அதனால் இளையவர்களின் உடையைத்தான் நம்ப வேண்டும். அதுவும் 'இந்த உடை வழக்கத்துக்கு வரும் முன் எடுத்ததல்ல' என்று மட்டுமே சொல்லும். நிறத்தை ஊகிக்கக் கூடாது: பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும்.

வாசகத்தில் நிற்கும் வரிசையை இடமிருந்து வலமாக எழுதி, பெயர்களுக்கு இடம் விட்டு, ஆண்டுக்கு முன் 'சுமார்' சேர்த்தேன். திருத்திய படத்தோடு ஒரே கேள்வி அனுப்பினேன்: அச்சுப்படத்தின் பின்பக்கம் என்ன இருக்கிறது?