கண்புரை ஆபரேஷன்: கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஒரு தனியார் கண் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் மேசையில் எனக்கு வேலை. முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. ஆதார் நகலை மறப்பது, பாலிசியைப் புதுப்பிக்காமல் விடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் யாராவது ஒருவர் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்.

லென்ஸை முடிவு செய்துவிட்டு, அப்புறம் பாலிசியைப் பார்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மடிப்பாக்கத்திலிருந்து ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவர் வந்தார். மகனுக்கு ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. “அப்பாவுக்கு இருக்கிறதிலேயே நல்ல லென்ஸா வைங்க மேடம், அஞ்சு லட்சம் கவர் இருக்கு” என்றார் மகன். தூரம், கிட்டம் இரண்டுக்கும் பார்வை தரும் மல்டிஃபோகல் லென்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் என் மேசைக்கு வந்தார்கள்.

அந்த ஐந்து லட்சத்துக்கும் கண்புரைக்கும் பெரிதாகத் தொடர்பில்லை. பெரும்பாலான பாலிசிகளில் கண்புரைக்கு மட்டும் தனி உச்சவரம்பு உண்டு. சப்-லிமிட் என்பார்கள். அவருடையது ஆரோக்ய சஞ்சீவனி. எல்லா கம்பெனிகளும் ஒரே நிபந்தனைகளோடு விற்கும் பாலிசி என்பதால் உதாரணத்துக்கு வசதி. அதில் கண்புரைக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. ஒரு பாலிசி ஆண்டில், ஒரு கண்ணுக்கு. இரண்டு லட்சம் கவர் வைத்திருப்பவருக்கும் 40,000தான், ஐந்து லட்சம் வைத்திருப்பவருக்கும் 40,000தான். இதற்கு மேல் 5 சதவீதம் கோ-பே, அதாவது நம் பங்கு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேக்கேஜ் ரேட் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும் என்பதால், கணக்குக்காக மூன்று தொகைகளை வைத்துக்கொள்கிறேன்: ஒரே தூரத்துக்கு மட்டும் பார்வை தரும் உள்நாட்டு மோனோஃபோகல் லென்ஸோடு 30,000, வெளிநாட்டு மோனோஃபோகலோடு 52,000, மல்டிஃபோகலோடு 95,000.

30,000 பேக்கேஜ் வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. கம்பெனி 28,500 தரும், கையிலிருந்து 1,500. பேக்கேஜ் 52,000 என்றால் முதலில் 40,000 வரை வெட்டுவார்கள், அதில் 5 சதவீதம் போக 38,000 வரும். கையிலிருந்து 14,000. பலரும் 52-லிருந்து 40-ஐக் கழித்து 12,000 என்று மனதில் வைத்துக்கொண்டு வருவார்கள், டிஸ்சார்ஜ் சமயத்தில் 2,000 இடிக்கும். மல்டிஃபோகலுக்கும் அதே 38,000தான், கையிலிருந்து 57,000.

கவனியுங்கள், 40,000 வரை விலை ஏறினால் அந்த ஏற்றத்தின் ஒவ்வொரு ரூபாயிலும் 95 பைசா கம்பெனியுடையது. அதைத் தாண்டிய ஒவ்வொரு ரூபாயும் முழுக்க நம்முடையது. ஆகவே பார்க்க வேண்டியது லென்ஸின் மொத்த விலையை அல்ல, வரம்புக்கு மேல் அது எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை.

அந்தக் குடும்பம் இரண்டாவது கண்ணையும் யோசிக்கவில்லை. ஒரு கண்ணில் மல்டிஃபோகல் வைத்தால், பொதுவாக மற்ற கண்ணிலும் அதையே வைக்கச் சொல்வார்கள். இரண்டு கண்களும் சேர்ந்தால்தான் கண்ணாடி இல்லாத பார்வை சரியாக அமையும். அப்படியானால் 57,000 அல்ல, 1,14,000. மகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அப்பா, “எனக்குப் படிக்கக் கண்ணாடி போடுறது ஒண்ணும் கஷ்டமில்லைப்பா” என்றார். நாற்பது வருஷமாகக் கண்ணாடி போட்டவர். அவரை யாரும் கேட்கவே இல்லை! லென்ஸ் மோனோஃபோகலுக்கு மாறியது.

அலுவலகப் பாலிசியில் கோ-பே வரிசையைக் கேட்காமல் விடுவது

பிள்ளைகளின் ஆபீஸ் குரூப் பாலிசியில் பெற்றோருக்கு 10, 20 சதவீதம் கோ-பே இருப்பது சகஜம். அதை வரம்புக்கு முன்னால் கழிப்பார்களா, பின்னால் கழிப்பார்களா என்று யாரும் கேட்பதில்லை. அதே 52,000 பில், 40,000 வரம்பு, 20 சதவீத கோ-பே என்று வையுங்கள். முதலில் கோ-பே கழித்தால் 41,600, வரம்பு அதை 40,000 ஆக்கும், நம் கையிலிருந்து 12,000. முதலில் வரம்பு என்றால் 40,000-த்தில் 20 சதவீதம் போய் 32,000தான் வரும், நம் கையிலிருந்து 20,000. ஒரு கண்ணுக்கே 8,000 வித்தியாசம். எந்த வரிசை என்பதை பாலிசி வாசகம்தான் தீர்மானிக்கும். எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வரம்பு ஒரு கண்ணுக்கா, இரண்டு கண்ணுக்கும் சேர்த்தா என்பதையும் அதிலேயே கேளுங்கள். சேர்த்து என்றால், டாக்டர் அவசரமில்லை என்று சொல்லும்பட்சத்தில், இரண்டாவது கண்ணை பாலிசி புதுப்பித்த பிறகு செய்துகொள்ளலாம்.

அப்பாவுக்குத் தனிப் பாலிசியும் இருந்தால், மீதித் தொகையை அதில் கேட்க வழி உண்டு. முதல் கம்பெனியின் செட்டில்மென்ட் கடிதமும், பில்களின் சான்றிட்ட நகல்களும் வேண்டும்.

சிலிண்டர் பவரைப் பார்க்காமல் விலை பேசுவது

கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் சிலிண்டர் பவர் வரும். சாதாரண மோனோஃபோகலும் சாதாரண மல்டிஃபோகலும் அதைச் சரிசெய்யாது. அதற்கு டோரிக் லென்ஸ் வேண்டும், விலையும் கூடும். ஒன்று, ஒன்றரை டயாப்டருக்கு மேல் சிலிண்டர் உள்ளவர் டோரிக் இல்லாத மல்டிஃபோகலுக்குப் பணம் கட்டினால், தூரத்துக்கே மறுபடி கண்ணாடி போட வேண்டிவரலாம். சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களுக்கும், குளுக்கோமா முற்றியவர்களுக்கும் மல்டிஃபோகலை டாக்டர்களே பெரும்பாலும் தவிர்ப்பார்கள். காரணம், மங்கலான வெளிச்சத்தில் அது பார்வையின் தெளிவைக் குறைக்கும், விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். எனவே கண்ணை அளந்து லென்ஸ் பவரைக் கணக்கிடும் பயோமெட்ரியும் விழித்திரைப் பரிசோதனையும் முடிந்து ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகே லென்ஸ் விலை பேசுங்கள்.

‘இம்போர்ட்டட்’ என்ற சொல்லை நம்புவது

கம்பெனி பெயரும் மாடலும் எஸ்டிமேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

காத்திருப்புக் காலம்

ஆரோக்ய சஞ்சீவனியில் கண்புரைக்கு, பாலிசி எடுத்ததிலிருந்து 24 மாதம். அதற்கு முன்னால் செய்தால் ஒரு பைசா வராது.

பேக்கேஜுக்கு வெளியே இருப்பதை மறப்பது

ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., பிசிஷியன் ஃபிட்னஸ், ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் விடும் சொட்டு மருந்து ஆகியவை சில இடங்களில் பேக்கேஜில் அடங்கும், சில இடங்களில் தனி. தனி என்றால் ஒவ்வொரு பில்லையும் வைத்திருங்கள். ஆரோக்ய சஞ்சீவனியில் சேர்க்கைக்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவை ரீஇம்பர்ஸ்மென்டில் கேட்கலாம். ஆனால் சில பாலிசிகளில் அதுவும் அந்த வரம்புக்குள்ளேயே அடக்கம். கண் நிலைத்த பிறகு போடும் புதுக் கண்ணாடி முழுக்க நம் செலவு.

கேஷ்லெஸ் முதல் அனுமதியைக் கடைசித் தொகை என்று எண்ணுவது

முதலில் வருவது தற்காலிக அனுமதிதான். டிஸ்சார்ஜ் பில் போன பிறகு வரும் இறுதிக் கடிதத்தில் தொகை குறையலாம். லென்ஸ் பெட்டியில் உள்ள ஸ்டிக்கர், அதாவது மாடல், பவர், வரிசை எண் அச்சிட்டது, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியேறுங்கள். ரீஇம்பர்ஸ்மென்டுக்குப் போனால், லென்ஸ் இன்வாய்ஸோடு சேர்த்து கம்பெனி முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று. அது ஒட்டாமல் போனதால் மட்டும் வாரக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.