பிரிட்டனில் சமையலறை வேலையா? லெவல் 2 சான்றிதழ் விஷயத்தில் ஏமாறாதீர்கள்

உணவகத்திலோ கேட்டரிங்கிலோ வேலைக்குச் சேர்ந்தால் முதலில் கேட்பது ஃபுட் ஹைஜீன் லெவல் 2 சான்றிதழ். ஆன்லைனில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், கடைசியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தேர்வு, அவ்வளவுதான். மேற்பார்வையாளர் ஆனால் லெவல் 3 கேட்பார்கள்.

இனி என் நண்பனுக்கு நடந்ததைக் கேளுங்கள். படித்து முடித்து ஒரு வருடம் ஆனதும் முதலாளி "உன் சான்றிதழ் காலாவதி, சட்டப்படி வருஷா வருஷம் புதுப்பிக்கணும்" என்று சொல்லி, சம்பளத்தில் பணம் பிடித்துவிட்டார். அப்படி ஒரு சட்டமே இல்லை! செய்யும் வேலைக்கு ஏற்ற பயிற்சியும் மேற்பார்வையும் ஊழியருக்கு இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. சான்றிதழ் கட்டாயம் என்றோ, இத்தனை வருடத்தில் காலாவதி என்றோ சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் படிப்பது இந்தத் தொழிலில் பழக்கம், அது நல்லதும்கூட, ஆனால் அது பரிந்துரைதான். பணம் பிடிக்கிறேன் என்றால், ஒப்பந்தத்தில் எந்த இடத்தில் நான் அதற்குச் சம்மதித்திருக்கிறேன் என்று காட்டச் சொல்லுங்கள். வேலைக்காக அவர்களே கட்டாயப்படுத்தும் பயிற்சி என்றால், அதற்காகப் பிடித்து உங்கள் சம்பளத்தைக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறக்கவும் முடியாது. சந்தேகம் இருந்தால், வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை சொல்லும் ஏகாஸ் அமைப்பின் உதவி எண்ணில் இலவசமாகக் கேட்கலாம்.

இதற்காகப் படிப்பை அலட்சியப்படுத்திவிடாதீர்கள். கவுன்சிலிலிருந்து ஆய்வுக்கு வருபவர் காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார், அடுப்படியில் நிற்கும் உங்களிடமே "மிஞ்சிய சோற்றை என்ன செய்வீர்கள்" என்று கேட்பார். நம் ஊர்ப் பழக்கத்தில் சோற்றைப் பானையோடு மூடி வைப்போம், ராத்திரி தண்ணீர் ஊற்றுவோம். அந்தப் பதிலை இங்கே சொல்லக் கூடாது. அரிசியில் இருக்கும் பேசிலஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும், அப்புறம் எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. அதனால் அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளைக்கு மேல் வைக்க வேண்டாம். சூடாகவே பரிமாறுவதென்றால் 63 டிகிரிக்குக் குறையக் கூடாது, குளிரில் வைப்பது 8 டிகிரியைத் தாண்டக் கூடாது. பாடத்தில் மற்றதெல்லாம் கை கழுவுவது, பச்சைக் கறியையும் சமைத்ததையும் பிரித்து வைப்பது, 14 ஒவ்வாமைப் பொருட்கள், வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் கழித்தே வேலைக்கு வருவது என்று போகும்.

படிப்புக்குப் பதியும்போது கடையின் மின்னஞ்சலைக் கொடுக்காமல் உங்கள் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள். சான்றிதழ் உங்கள் பெயரில் இருப்பது, வேலை மாறினாலும் செல்லும். நண்பன் வேறு இடத்துக்குப் போனபோது பழைய முதலாளியிடம் பிரதி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான்.